கீமோகைன்

கீமோகைன்கள் என்பவை வெண்குருதியணுக்கள் செல்லவேண்டிய திசையை அவற்றுக்கு உணர்த்தும் சிறிய புரதங்கள் ஆகும். ஒரு வேதிப்பொருளின் செறிவு கூடிச்செல்லும் திசையை நோக்கி உயிரணு நகர்வது வேதிநகர்வு அல்லது கீமோடாக்சிசு எனப்படுகிறது. முள் குத்திய விரலுக்கு நியூட்ரோபில்கள் விரைவதும், டி உயிரணுக்கள் நிணநீர்க்கணுவுக்குச் சென்று சேர்வதும் இம்முறையிலேயே நிகழ்கின்றன. மனித உடலில் ஏறத்தாழ 50 கீமோகைன்களும், அவற்றை உணரும் 20 அளவிலான ஏற்பிகளும் அறியப்பட்டுள்ளன.

அமைப்பும் பெயரும்

பெரும்பாலான கீமோகைன்கள் 70 முதல் 100 அமினோ அமிலங்களைக் கொண்டவை. இவற்றின் தொடக்கப் பகுதியில் உள்ள சிசுட்டீன் என்னும் அமினோ அமிலங்களின் இடத்தைக் கொண்டு இவை வகைப்படுத்தப்படுகின்றன. இரண்டு சிசுட்டீன்கள் அடுத்தடுத்து இருந்தால் அது சிசி வகை. அவற்றுக்கு இடையே வேறொரு அமினோ அமிலம் இருந்தால் அது சிஎக்ஸ்சி வகை. பெயரில் 'எல்' என்னும் எழுத்து வந்தால் கீமோகைனையும், 'ஆர்' என்னும் எழுத்து வந்தால் அதன் ஏற்பியையும் குறிக்கும். 1987 இல் கண்டறியப்பட்ட இண்டர்லியூக்கின்-8 இன்று சிஎக்ஸ்சிஎல்8 எனவும் அழைக்கப்படுகிறது.

எந்த அணு எங்கே செல்கிறது

எல்லா வெண்குருதியணுக்களும் ஒரே குருதியோட்டத்தில் மிதந்து செல்கின்றன. அவை வெவ்வேறு இடங்களில் இறங்குவதற்குக் காரணம், ஒவ்வொரு வகை அணுவும் தன் மேற்பரப்பில் வெவ்வேறு ஏற்பிகளைத் தாங்கியிருப்பதே ஆகும்.

முள் குத்திய இடத்தில் உள்ள இழைய உயிரணுக்கள் இண்டர்லியூக்கின்-8 ஐச் சுரக்கின்றன. அது அருகிலுள்ள குருதிக்குழாயின் உட்சுவரில் ஒட்டி நிற்கிறது. அவ்வழியே வரும் நியூட்ரோபில் முதலில் செலக்டின் என்னும் புரதங்களில் தளர்வாகப் பற்றி, சுவரின்மீது மெதுவாக உருள்கிறது. அதன் சிஎக்ஸ்சிஆர்2 ஏற்பி இண்டர்லியூக்கின்-8 ஐ உணர்ந்தவுடன், இண்டிகிரின் என்னும் வேறு புரதங்கள் இறுகப் பற்றும் நிலைக்கு மாறுகின்றன. அணு நின்றுவிடுகிறது; பின்னர் சுவரைக் கடந்து இழையத்துள் நுழைகிறது. அதே குழாயில் வரும் டி உயிரணு ஒன்றிடம் அந்த ஏற்பி இல்லையெனில், அது அவ்விடத்தைக் கடந்து சென்றுவிடும்.

இதுவரை நோய்க்கிருமியைச் சந்திக்காத டி உயிரணு சிசிஆர்7 என்னும் ஏற்பியைக் கொண்டிருக்கிறது. அதற்குரிய சிசிஎல்21 நிணநீர்க்கணுவின் சிறப்புக் குருதிக்குழாய்ச் சுவர்களில் காணப்படுவதால், அவ்வணு அங்கே இறங்குகிறது. தோலில் கிருமியை விழுங்கிய கிளையுரு உயிரணுவும் முதிர்ச்சியடையும்போது சிசிஆர்7 ஐப் பெற்று, நிணநீர்க்குழாய் வழியாக அதே கணுவை அடைகிறது. கிருமியின் துண்டைக் காட்டும் உயிரணுவும் அதனை அடையாளங்காணும் உயிரணுவும் ஒரே இடத்தில் சந்திப்பது இதனால்தான்.

செறிவுச் சரிவு உருவாதல்

கீமோகைன் ஓரிடத்தில் சுரந்து பரவுவது மட்டுமே நிலையான செறிவுச் சரிவைத் தராது. நீரோட்டம் அதனை அடித்துச் சென்றுவிடும். எனவே பல கீமோகைன்கள் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள எப்பரான் சல்பேட்டு என்னும் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்கின்றன. எலியின் தோலில் சிசிஎல்21 இவ்வாறு நிணநீர்க்குழாயைச் சுற்றிப் படிந்திருப்பதும், ஏறத்தாழ 90 மைக்ரோமீட்டர் தொலைவிலிருந்தே கிளையுரு உயிரணுக்கள் குழாயை நோக்கி நேராகத் திரும்புவதும் 2013 இல் காட்டப்பட்டன. மறுபுறம், சில ஏற்பிகள் எவ்விதக் குறிப்பும் அனுப்பாமல் கீமோகைனை உள்வாங்கி அழிக்கின்றன. தொலைவில் செறிவு குறைவாகவே இருப்பதற்கு இவையும் காரணமாகும்.

உயிரணு சரிவை உணர்தல்

நியூட்ரோபிலின் நீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். அதன் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே செறிவு 1% அளவே வேறுபட்டாலும் அது திசையை அறியக்கூடும் என 1977 இல் சாலி சிக்மாண்டு காட்டினார்.

ஓர் எளிய கணக்கின் மூலம் இதனை விளக்கலாம். அணுவின் முன்பாதியிலும் பின்பாதியிலும் தலா 10,000 ஏற்பிகள் இருப்பதாகக் கொள்வோம். ஏற்பிகளில் பாதி நிரம்பும் செறிவு பின்பாதியில் இருந்தால், அங்கே 5,000 ஏற்பிகள் நிரம்பும். முன்பாதியில் செறிவு 1% கூடுதலாக இருந்தால் 5,025 நிரம்பும். வேறுபாடு 25 மட்டுமே. ஆனால் மூலக்கூறுகள் தற்செயலாக ஒட்டி விலகுவதால், ஒவ்வொரு பாதியிலும் எண்ணிக்கை 50 அளவுக்கு ஏறி இறங்கும். ஆகவே அணு ஒரு கணத்தின் நிலையை மட்டும் நம்பாமல், சிறிது நேரத்தின் சராசரியைக் கொண்டே திசையை முடிவு செய்ய வேண்டியுள்ளது.

செறிவு இதைப்போல் நூறு மடங்கானால் பின்பாதியில் 9,901 ஏற்பிகளும் முன்பாதியில் 9,902 ஏற்பிகளும் நிரம்பும். இப்போது சரிவு இருந்தும் அணுவால் அதனை உணர இயலாது. கீமோகைன் மிகுந்துவிட்டால் அணு வழி தவறுவதன் காரணம் இதுவே. செறிவின் அளவைவிட அதன் வேறுபாடே வழிகாட்டுகிறது.

வேதிநகர்வைச் சோதித்தல்

1962 இல் இசுடீபன் பாய்டன் உருவாக்கிய அறையில், நுண்துளைகள் கொண்ட தகடு ஒன்று மேல் கீழ் அறைகளைப் பிரிக்கிறது. மேலே உயிரணுக்களும் கீழே வேதிப்பொருளும் இடப்பட்டு, தகட்டைக் கடக்கும் அணுக்கள் எண்ணப்படுகின்றன. எனினும், அணுக்கள் திசையின்றி வேகமாக அலைந்தாலும் அவற்றுட் பல கீழே வந்துவிடும். இவ்விரண்டையும் பிரித்தறிய, 1973 இல் சிக்மாண்டும் இர்சும் இரு அறைகளிலும் செறிவை வெவ்வேறாக மாற்றிப் பார்க்கும் முறையை வகுத்தனர். இரு புறமும் சமமான செறிவு இருக்கும்போதும் அணுக்கள் அதே அளவில் கடந்தால், அது வெறும் அலைச்சல். கீழே செறிவு கூடியிருக்கும்போது மட்டும் மிகுதியாகக் கடந்தால், அது வேதிநகர்வு.

வழி தவறும்போது: விம் நோய்

எலும்பு மச்சையில் சிஎக்ஸ்சிஎல்12 என்னும் கீமோகைன் மிகுதியாக உள்ளது. நியூட்ரோபில்களின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி இதனை உணரும்வரை அவை மச்சையிலேயே தங்கியிருக்கும். வழக்கமாக இந்த ஏற்பி குறிப்பு அனுப்பிய பின் உயிரணுவுக்குள் இழுக்கப்பட்டு ஓய்வு பெறுகிறது.

விம் நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இவ்வேற்பியின் வால்பகுதி குறைவுபட்டிருப்பது 2003 இல் கண்டறியப்பட்டது. பலரில் கடைசி 19 அமினோ அமிலங்கள் இல்லை. இதனால் ஏற்பி ஓய்வு பெறாமல் தொடர்ந்து குறிப்பு அனுப்புகிறது. மச்சை முதிர்ந்த நியூட்ரோபில்களால் நிறைந்திருந்தும், குருதியில் அவை மிகக் குறைவாகவே காணப்படுகின்றன. நோயாளிகள் அடிக்கடி கிருமித்தொற்றுக்கும் மருக்களுக்கும் ஆளாகின்றனர். அணுக்கள் உருவாகாமையால் அன்றி, வெளியேற இயலாமையால் ஏற்படும் குறை இது என்பதை மச்சைச் சோதனை தெளிவாக்குகிறது.

1964 இல் விவரிக்கப்பட்ட முதல் நோயாளி பின்னாளில் தானாகவே குணமடைந்தார். அவருடைய குருதி மூல உயிரணு ஒன்றில் குரோமோசோம் 2 சிதைந்து, பிழையான ஏற்பியின் மரபணு உட்பட 164 மரபணுக்கள் இழக்கப்பட்டிருந்ததும், அவ்வணுவின் வழித்தோன்றல்களே அவரது மச்சையை நிரப்பியிருந்ததும் 2015 இல் வெளியிடப்பட்டன. சிஎக்ஸ்சிஆர்4 ஐத் தடுக்கும் மாவோரிக்சாபோர் என்னும் மருந்து, 12 வயதும் அதற்கு மேலும் உள்ள விம் நோயாளிகளுக்கென 2024 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.