30-ஆ? 26-ஆ?

மாதச் சம்பளத்திலிருந்து ஒரு நாள் கூலியைக் கண்டுபிடிக்க எந்த எண்ணால் வகுப்பது? இந்தச் சின்னக் கணக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் தரவேண்டும் என்றது. ஆனால் மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று சொல்லவில்லை. 15 நாள் என்றால் அரை மாதம்தானே என்றது முதலாளிகள் தரப்பு. வாராந்திர விடுமுறை போக மாதத்தில் வேலை நடப்பது 26 நாள்தான், அந்த உழைப்புக்குத்தான் சம்பளம் என்றது தொழிலாளர் தரப்பு.

சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 520. 26-ஆல் வகுத்தால் 600. இருபது வருட வேலைக்கு முதல் கணக்கில் 1,56,000 ரூபாய், இரண்டாவதில் 1,80,000. வித்தியாசம் 24,000 ரூபாய்!

1980-இல் திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 26-ஐ ஏற்றது. 1987-இல் நாடாளுமன்றம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது.

அப்படியானால் 26 எப்போதும் தொழிலாளிக்கு லாபமா? இல்லை. சம்பளமில்லா விடுப்புக்கு அதே 26-ஆல் வகுத்தால், ஒரு நாள் வராததற்கு 520-க்குப் பதில் 600 ரூபாய் போய்விடும். அந்தந்த மாத வேலை நாட்களால் வகுத்தாலோ, 24 நாள் மாதத்தில் 650, 26 நாள் மாதத்தில் 600 என்று ஒரே விடுப்பின் விலை மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே வகுக்கும் எண்ணைப் பார்ப்பதற்கு முன், கொடுப்பதற்கான கணக்கா, பிடிப்பதற்கான கணக்கா என்று பார்க்கவேண்டும்.