நாணயம் என்னும் பிணை: நியூயார்க் மொத்தக் கடைகளும் நாட்டுப்புறச் சில்லறை வணிகரும்

தமிழில் 'நாணயம்' என்ற சொல் உலோகக் காசையும் குறிக்கும், மனிதரின் நேர்மையையும் குறிக்கும். கையில் முன்னது இல்லாதவன் பின்னதைக் காட்டிச் சரக்குக் கேட்பதே வணிகக் கடன். பழகிய இடத்தில் இது எளிது. முன்பின் அறியாத ஊரில், முதன்முறையாகப் படியேறும் கடையில், நேர்மையை எதைக் கொண்டு காட்டுவது? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் சிறு வணிகர் ஒவ்வொருவரும் எதிர்கொண்ட இக்கேள்வி, பின்னர் ஒரு தனித் தொழிலையே தோற்றுவித்தது. அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் புதிதாகக் கடை திறக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். துணி, ஊசி நூல், தேயிலை, இரும்புச் சாமான் எல்லாம் அவரிடம் கிடைத்தாக வேண்டும். அவற்றை வாங்க அவர் நியூயார்க் செல்வார். 1825இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்ட பின் மேற்குப் பகுதி வணிகருக்கு அந்நகரே பெருஞ்சந்தையாயிற்று. வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை வணிகர் அங்கே திரள்வர். பேர்ல் தெருவில் துணி மொத்தக் கடைகள் வரிசையாக நின்றன.

அவர் கடன் கேட்பதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. அவருடைய வாடிக்கையாளர் உழவர்கள். அறுவடை முடிந்து தானியம் விற்ற பிறகே அவர்கள் கையில் பணம் புரளும். அதுவரை கடைக்காரரின் பேரேட்டில் அவர்கள் பெயரில் பற்று ஏறிக்கொண்டேயிருக்கும். ஆகவே ஆறு மாதத் தவணை, தொலைவான ஊராயின் ஓராண்டுத் தவணை, அவருக்கு இன்றியமையாதது. மொத்த வணிகரும் சும்மா காத்திருப்பதில்லை. ரொக்க விலை வேறு, தவணை விலை வேறு. ஆயிரம் டாலர் ரொக்கச் சரக்குக்குத் தவணையில் கூடுதலாக எழுபது டாலர் என்று வைத்துக்கொண்டால், அந்த எழுபதுக்குள் காத்திருப்பதற்கான வட்டியும் அடங்கும், பணம் திரும்பாமற்போகும் அச்சத்தின் விலையும் அடங்கும்.

பேரம் முடிந்ததும் கடைக்காரர் ஆறு மாதத்தில் இன்ன தொகை தருவதாகக் கடன் சீட்டில் கையொப்பமிடுவார். மொத்த வணிகர் அச்சீட்டின் பின்புறம் தாமும் கையெழுத்திட்டு, வங்கியில் கழிவுக்குக் கொடுத்து உடனே பணம் பெறுவார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடைக்காரர் தவறினால் வங்கி பின்கையொப்பமிட்டவரிடமே வந்து நிற்கும். எங்கோ ஓர் ஊரின் உழவர் கடனை அடைக்காவிட்டால், நியூயார்க் வணிகரின் அடித்தளமே ஆடக்கூடும்.

அப்படியிருக்க, முன்பின் அறியாதவரை நம்புவது எப்படி? அன்றைய வழக்கம் பரிந்துரைக் கடிதம். ஊர்ப் பாதிரியார், வழக்கறிஞர் அல்லது வேறொரு வணிகர், 'இவர் நல்லவர், ஒழுக்கமானவர்' என்று எழுதித் தருவார். இம்முறையில் இரு பெரிய ஓட்டைகள் இருந்தன. முதலாவது, கடிதம் எழுதுபவரே அவருக்கு முன்பு கடன் கொடுத்தவராக இருக்கலாம். புதுச் சரக்கு வந்து விற்றால்தான் தம் பழைய பாக்கி வசூலாகும் என்ற நிலையில் உள்ளவர், கடனாளியைப் புகழாமல் வேறென்ன செய்வார்? இரண்டாவது, ஒரே கடிதத்தை ஒரே தெருவில் பத்துக் கடைகளில் காட்டலாம். ஒவ்வொருவரும் ஐந்நூறு டாலர் சரக்கு கொடுத்துவிட்டு அவ்வளவே அவருடைய கடன் என்று எண்ணியிருப்பர், மொத்தமோ ஐயாயிரம்.

இவ்வமைப்பின் வலுவின்மை 1837இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் நியூயார்க் வங்கிகள் காகிதப் பணத்துக்குப் பொன் வெள்ளி தருவதை நிறுத்தின. பேர்ல் தெருவின் புகழ்பெற்ற பட்டு வணிகரான ஆர்தர் டாப்பனின் நிறுவனம் பத்து லட்சம் டாலருக்கும் மேற்பட்ட கடனுடன் பணம் செலுத்துவதை நிறுத்தியது. அதில் கடன் பொறுப்பைக் கவனித்தவர் அவர் தம்பி லூயிஸ் டாப்பன். அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணி வீரர். நாடெங்கும் அடிமை ஒழிப்பாளரோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அத்தகைய தொடர்பையே வணிகச் செய்திக்கும் பயன்படுத்தலாம் என்று கண்ட அவர், 1841இல் நியூயார்க்கில் 'மெர்கன்டைல் ஏஜென்சி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதன் செயல்முறை எளியது. சிற்றூர்தோறும் ஒரு செய்தியாளர். பெரும்பாலும் உள்ளூர் வழக்கறிஞர். அவருக்குச் சம்பளம் இல்லை. அவ்வூரில் கடன் வசூல் வழக்கு வந்தால் அது அவரிடம் அனுப்பப்படும். கடைக்காரரின் வயது, திருமணம், குடிப்பழக்கம், நிலபுலன், எத்தனை ஆண்டாகத் தொழில், முன்பு நொடித்ததுண்டா என்பன அவர் எழுதி அனுப்பும் விவரங்கள். நியூயார்க்கில் அவை பேரேடுகளில் பதியப்படும். சந்தா செலுத்திய மொத்த வணிகரின் ஆள் நேரில் வந்தால் எழுத்தர் வாய்மொழியாகப் படித்துக்காட்டுவார். பேர்ல் தெருக் கடையில் ஒருவர் துணி மடிப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே, சில தெரு தள்ளி அவர் வாழ்க்கை வரலாறு வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அது அவருக்குத் தெரியாது.

அச்செய்தியாளருள் ஒருவர் ஆபிரகாம் லிங்கன் என்பது சுவையானது. அவரே 1830களின் தொடக்கத்தில் நியூ சேலத்தில் கூட்டாளி ஒருவருடன் கடன் சீட்டில் கடை வாங்கி நொடித்தவர். கூட்டாளி இறந்தபின் அவர் பங்குக் கடனையும் தாமே சுமந்து, பல ஆண்டுகளில் அடைத்தார். 'தேசியக் கடன்' என்று அதை அவர் வேடிக்கையாகக் குறிப்பிடுவார். ஒரு முதல் பேரேட்டுப் பதிவில் 'கடை நொடித்தவர்' என்ற வரி மட்டுமே இருக்கும். அடைக்கும் மனம் உள்ளவரா என்பதை எந்த வரி சொல்லும்?

பதிவு தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஒகையோவின் நார்வாக் ஊர் வணிகரான பியர்ட்ஸ்லி சகோதரர் வழக்கே சான்று. அவர்களுள் ஒருவரின் மனைவி விவாகரத்துக் கோரப்போவதாகவும், அவர் சொத்துகளைக் கைமாற்றிவிட்டதாகவும் 1848இல் ஒரு செய்தி பதிவாயிற்று. நியூயார்க் கடைகளில் அவர்களுக்குக் கடன் நின்றது. அவர்கள் அவதூறு வழக்குத் தொடர்ந்தனர். டாப்பனுக்குப் பின் நிறுவனத்தை நடத்திய பெஞ்சமின் டக்ளஸ், செய்தி தந்தவர் பெயரை நீதிமன்றத்தில் வெளியிட மறுத்துச் சிறை சென்றார். 1851இல் நடுவர் குழு வணிகருக்குப் பத்தாயிரம் டாலர் இழப்பீடு வழங்கியது. 1870இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த வழக்கு அது.

அந்நிறுவனம் பின்னர் ராபர்ட் கிரகாம் டன் கைக்கு வந்தது. 1933இல் போட்டி நிறுவனத்துடன் இணைந்து டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் ஆயிற்று. பழைய பேரேடுகள் ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் உள்ளன. அவற்றில் யூத வணிகரைப் பற்றிய பதிவுகளில், தொழில் விவரத்துடன் இனத்தைச் சுட்டி ஐயுறும் சொற்களும் கலந்திருப்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். செய்தியாளரின் ஊர்ப் பகையும் முன்முடிவும், 'விவரம்' என்ற பெயரில் நியூயார்க் வரை பயணம் செய்தன.

பரிந்துரைக் கடிதத்தில் ஒரு நன்மை இருந்தது: அதில் எழுதியிருப்பது என்னவென்று கடன் கேட்பவருக்குத் தெரியும், தவறெனில் மறுக்கலாம். பேரேடு அந்த இரு ஓட்டைகளையும் பெருமளவு அடைத்தது. ஆனால் தம்மைப் பற்றி எழுதியிருப்பதை வாசிக்கும் வாய்ப்பைக் கடைக்காரரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவருக்குக் கிடைத்ததெல்லாம், மொத்த வணிகர் திடீரெனப் பணிவாகச் சொல்லும் 'இம்முறை ரொக்கமாகத் தாருங்களேன்' என்ற வாக்கியம் மட்டுமே.