ஒரு படம், மூன்று மொழி: எதை மொழிபெயர்க்க வேண்டும்?



வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி படம் அனுப்புகிறார்கள். அதில் இரண்டு மூன்று மொழிகள் இருக்கும். "சார், இதில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட படத்தில் எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டுமா, ஒன்று போதுமா என்பதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் நம் விருதுநகர் ரயில் நிலையப் பெயர்ப்பலகை. தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று எழுத்துகள். ஆனால் மொழிபெயர்க்க அதில் ஒன்றுமே இல்லை. ஒரே பெயரை மூன்று எழுத்தில் ஒலித்துக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். விளக்கம் வேண்டியது பலகையில் இல்லை, பயணச்சீட்டில் இருக்கிறது. நம் நிலையத்தின் குறியீடு VPT. விருதுநகர் என்ற பெயரில் P எங்கிருந்து வந்தது? 1923-இல் பெயர் மாறுவதற்கு முன் இந்த ஊர் விருதுபட்டி. ஊர்ப் பெயர் மாறியது, ரயில்வே குறியீடு மாறவில்லை.

அடுத்தது சிவகாசிப் பட்டாசுப் பெட்டி. எச்சரிக்கை வாசகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும், சிலவற்றில் தமிழிலும் இருக்கும். பொதுவாக மூன்றும் ஒன்றையே சொல்லும். இங்கே ஒன்றை மொழிபெயர்த்தால் போதும். ஆனால் மூன்றும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று எப்படித் தெரிந்துகொள்வது? மொழி தெரியாவிட்டாலும் ஒரு வழி உண்டு. எண்களைப் பாருங்கள், பத்திகளின் எண்ணிக்கையைப் பாருங்கள், பெயர்கள் வரும் இடத்தைப் பாருங்கள். எல்லாம் ஒத்து வந்தால் பெரும்பாலும் வாசகம் ஒன்றுதான்.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையின் காலி நகரில் 1911-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். இப்போது அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தால் வலப்பக்கம் மேலிருந்து கீழாகச் சீன எழுத்து, இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். சீனப் பேரரசர் யோங்லே அனுப்பிய கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நட்ட கல் இது. அதில் உள்ள தேதி 1409-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இதில் சீனப் பகுதிதான் நன்றாகப் படிக்கக் கிடைத்தது. பாரசீகம் பல இடங்களில் தேய்ந்து போயிருந்தது. சீனத்தை மொழிபெயர்த்தார்கள். புத்தருக்கு நன்றி சொல்லி, 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, விளக்கு, தூபக்கலம், 2500 கட்டி எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் வருகிறது. தமிழ்ப் பகுதியிலும் அதே 1000, அதே 5000, அதே 2500. எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர், ஒரே செய்திதானே, ஒன்றைப் படித்தால் போதும் என்று முடித்திருப்பார்.

ஆனால் தமிழில் புத்தர் பெயர் இல்லை. காணிக்கை பெறுபவர் தேனவரை நாயனார். தேனவரை என்பது இலங்கையின் தென்முனையில் உள்ள இன்றைய தேவுந்துறை. அங்கே புகழ்பெற்ற கோயில் ஒன்று இருந்தது. அந்த இறைவனைத் திருமால் என்று பரணவிதான போன்ற கல்வெட்டு அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள். பாரசீகப் பகுதியோ இஸ்லாமிய முறையில் இறைவனைப் போற்றுகிறது. பட்டியல் ஏறக்குறைய ஒன்று, ஆனால் பெறுபவர் மூவர்!

சீனத்தை மட்டும் படித்தவர் இதைப் பௌத்தக் கல்வெட்டு என்பார். தமிழை மட்டும் படித்தவர் இந்துக் கோயில் கல்வெட்டு என்பார். இருவர் சொல்வதும் பாதி உண்மைதான். அந்தக் கடற்கரையில் வணிகம் செய்த ஒவ்வொரு கூட்டத்தாரிடமும் அவரவர் மொழியில், அவரவர் தெய்வத்தின் பெயரால் பேச வேண்டும் என்று செங் ஹே நினைத்திருக்கிறார். இது மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். அந்தத் தீவின் கல்லில் சிங்களம் இல்லை, தமிழ் இருக்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

ஆகவே பல மொழியுள்ள படம் கைக்கு வந்தால் முதலில் எண்களை ஒப்பிடுங்கள். பிறகு பெயர்களை ஒப்பிடுங்கள். எண்ணும் பெயரும் ஒத்துப்போனால் ஒன்றை மொழிபெயர்த்தால் போதும். எண் ஒத்து, பெயர் மாறினால் எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். படம் எடுக்கும்போது ஓரங்களை வெட்டிவிடாதீர்கள், தேய்ந்த வரிகளும் படத்தில் இருக்கட்டும். ஒரு மொழியில் அழிந்த எண்ணைப் பக்கத்து மொழியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அழிந்த பெயரை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில் இரு மொழிப் பத்திரமோ, தீப்பெட்டி லேபிளோ இருந்தால் படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போடுங்கள். சேர்ந்து படிப்போம்.