தருவா, திருவா? ஒரு பாட்டின் முதல் சொல் வந்த வழி

திருவண்ணாமலையில் வல்லாள மகாராஜன் கோபுரத்திலிருந்து அருணகிரிநாதர் குதித்தார், முருகன் தாங்கிப் பிடித்து முதல் அடியை எடுத்துக் கொடுத்தான் என்பது ஊரறிந்த கதை. அந்தப் பாட்டை அச்சிடுகிறவர்களிடம் முதல் சொல்லிலேயே ஒற்றுமை இல்லை. ஒரு புத்தகத்தில் ‘முத்தைத்தரு’, இன்னொன்றில் ‘முத்தைத்திரு’. முருகனே கொடுத்த சொல் என்று இரு தரப்பும் சொல்லும் என்பதால், கதையைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை.

ஏட்டில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரே ஒரு மேல்விலங்கு. தகரத்தின் தலையில் எழுத்தாணி ஒரு வளைவு போட்டால் ‘தி’, போடாவிட்டால் ‘த’. பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. ‘முததைததரு’ என்றுதான் கிடக்கும்; எங்கே ஒற்று, எங்கே உயிர்மெய் என்பதைப் படிக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிப்பட்ட ஏடுகளைத் தேடித் திரட்டி அச்சேற்றியவர் வ. த. சுப்பிரமணிய பிள்ளை. நீதித்துறையில் வேலை பார்த்து முன்சீப் ஆனவர். சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் சான்றாகக் காட்டிய திருப்புகழ்ப் பாட்டுத்தான் அவரை இந்த வேலையில் இறக்கியது. அவர் பதிப்பின் முதல் பாகம் 1890-களின் நடுவில் வந்தது. மகன் தணிகைமணி வ. சு. செங்கல்வராய பிள்ளை பின்னாளில் உரையோடு பதிப்பித்தார். அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடினார் என்பார்கள். கையில் கிடைத்திருப்பவை 1,300-க்குச் சற்று மேல்.

திருப்புகழில் பாடம் தேர்பவருக்கு வேறு நூல்களில் இல்லாத ஒரு வசதி உண்டு: சந்தம். இந்தப் பாட்டின் சந்தம் ‘தத்தத்தன தத்தத் தனதன’. மும்மூன்று முறை இது வந்ததும் ‘தனதான’ என்ற தொங்கலில் நிற்கும். அப்படி எட்டு அடி. ஆக, ஒரே அச்சு 24 முறை விழுகிறது. ஓரிடத்தில் சந்தேகம் என்றால் மற்ற 23 இடங்களும் சாட்சி. ஏட்டில் காணாத புள்ளிகளை இப்படித்தான் திரும்ப வைக்க முடிகிறது. பின்பகுதியில் வரும் பறையொலிகளுக்கு அகராதிப் பொருளே கிடையாது. அங்கே அச்சுப்பிழையைக் கண்டுபிடிக்கச் சந்தத்தை விட்டால் வேறு கதியில்லை.

இரண்டாம் அடியில் தேவர்களைச் சொல்லும் ‘முப்பத்துமு’ நல்ல உதாரணம். முப்பத்து மூன்று வர்க்கம் என்பதே பொருள். ஆனால் சந்தம் அந்த இடத்தில் ‘தன’ என்று இரண்டு குறிலைக் கேட்கிறது. அதனால் புலவர் மூவை முவாகக் குறுக்கிவிட்டார். இது தெரியாத நல்ல மனசுக்காரர் ஒருவர் பிழை திருத்துவதாக எண்ணி ‘மூ’ என்று போட்டால் பொருள் தெளியும், தாளம் இடறும். என் அனுபவத்தில் கவனக்குறைவைவிட இந்தத் திருத்தும் ஆசைதான் அதிகம் கெடுக்கிறது. பாடுகிறவர் வசதிக்காகச் சந்தி பிரித்து அச்சிடும்போதும் இதே ஆபத்து.

முதல் சொல்லுக்கு வருவோம். இங்கே சந்தம் கைவிரித்துவிடுகிறது. ‘தரு’வும் இரு குறில், ‘திரு’வும் இரு குறில். எனவே இலக்கணத்திடம் போகவேண்டும். ‘முத்தை’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக நிற்கிறது; அது ஒரு வினையைத் தேடும். ‘தரு’ அந்த வினை: முத்தைத் தரும், அதாவது முத்துப் போன்ற, பல்வரிசை. ‘திரு’ வைத்தால் ஐகாரம் பிடிமானமில்லாமல் தொங்குகிறது. முத்தின் அழகு என்று சொல்ல ‘முத்தின்’ அல்லவா வேண்டும்?

அப்படியானால் ‘திரு’ எங்கிருந்து வந்தது? ஒரு பாடத்தைத் தள்ளுமுன் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். இரண்டு சொல் தள்ளி ‘திருநகை’ வருகிறது. எழுதுகிறவர் கண்ணும் பாடுகிறவர் நாக்கும் வரப்போகும் சொல்லை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது வழக்கமான சறுக்கல். தெய்வப் பாட்டு ‘திரு’ என்று தொடங்குவது காதுக்கும் உகந்தது. ‘திரு’விலிருந்து ‘தரு’ பிறக்க இவ்வளவு வலுவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. 1964-இல் ‘அருணகிரிநாதர்’ படம் வந்தபின் இந்தப் பாட்டு ஏடு பார்க்காத எல்லோர் காதுக்கும் போய்விட்டது. காதால் கேட்டு எழுதிய பத்துப் பாட்டுப் புத்தகம் இருந்தாலும், ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சிட்டிருந்தால் சாட்சி ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு: சரியான பாடம் பல புத்தகங்களில் ஒத்திருப்பது எதையும் நிரூபிக்காது, வேறெங்கோ ஓர் அடியில் அதே அசட்டுப் பிழை இரண்டிலும் இருந்தால், அவை தாயும் பிள்ளையும்.

ஆகவே மூலத்தில் ‘முத்தைத்தரு’. அடிக்குறிப்பில் ‘முத்தைத்திரு’ என்பது வேறு பாடம் என்றும், எந்தப் பதிப்பில், எந்த ஆண்டில், எந்தப் பக்கத்தில் கண்டது என்றும் எழுத வேண்டும். முந்திய ஏடொன்று நாளை கிடைத்து என் வாதம் கவிழ்ந்தால், அடுத்துப் பதிப்பிப்பவர் அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்குவார்.