60,000 ஃபாலோயரா, 900 பேரா... எந்தப் பேஜில் பட்டுச்சேலை விற்கும்?

ஆரணி பக்கத்துல முள்ளிப்பட்டில் நாலு தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம், இன்ஸ்டாகிராமில் சேலை விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பேஜில் 900 ஃபாலோயர்கள். இன்னொரு கடையின் பேஜில் 60,000 பேர். யார் பேஜ் வேலை செய்கிறது?

சின்னக் கணக்குதான். ஒரு போஸ்ட்டுக்கு வந்த லைக், கமென்ட், ஷேர், சேவ் எல்லாத்தையும் கூட்டி, ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குங்க. பெரிய பேஜில் 300 வந்தால் அரை சதவிகிதம். சின்ன பேஜில் 90 வந்தாலே 10 சதவிகிதம்.

'ஃபாலோ பண்ணினா பரிசு' என்று சேர்த்த கூட்டம் பரிசுக்காக வந்தது, சேலைக்காக இல்லை. அவர்கள் கண்டுக்காமல் போனால் ரீச் விழும். பார்க்கும் நேரம், லைக், அடுத்தவருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும்தான் ரீச்சுக்கு முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார்.

கமென்ட்டையும் படிச்சுப் பாருங்க. வெறும் ஹார்ட் வந்தால் அது வேடிக்கை பார்க்கும் கூட்டம். 'முந்தியைக் காட்டுங்க', 'வேற கலர் இருக்கா?' என்று வந்தால் வாங்கும் கூட்டம்.

நாலு தறியில் மாதம் 12 சேலை இறங்கினால், 75 பேரில் ஒருவர் வாங்கினாலே போதும். ஆனால், அதே 900 பேர் மாதாமாதம் பட்டு வாங்க மாட்டார்கள். அவர்கள் தோழிக்கும் நாத்தனாருக்கும் அனுப்பினால்தான் புது ஆள் வரும். நூற்றுக்கணக்கில் ஸ்டாக் வைத்திருப்பவருக்கு இந்தச் சின்ன வட்டம் பத்தாது.