இழுத்து விடும் கோப்பும் மூன்று விசைகளும்: நகல், இடமாற்றம், குறுக்குவழி உருவான வரலாறு

விண்டோஸில் ஒரு கோப்பை மவுஸால் இழுத்து வேறொரு கோப்புறையில் விட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். கோப்பு இருந்த இடத்தைவிட்டுப் புதிய இடத்துக்குப் போகலாம். பழைய இடத்தில் அப்படியே இருக்க, புதிய இடத்தில் ஒரு நகல் உருவாகலாம். அல்லது மூலக்கோப்பைச் சுட்டும் சிறிய குறுக்குவழி மட்டும் அங்கே தோன்றலாம். இழுக்கும்போது கண்ட்ரோல் விசையை அழுத்தியிருந்தால் நகல், ஷிஃப்ட் என்றால் இடமாற்றம், கண்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்ந்தால் அல்லது ஆல்ட் மட்டும் இருந்தால் குறுக்குவழி. எந்த விசையையும் அழுத்தாவிட்டால் கணினியே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். இந்த விசைகளின் வரலாறு, கணினி செய்யும் அந்தத் தேர்வைப் பயனர் எப்படி மாற்றுவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளின் வரலாறாகும்.

விசையிலிருந்து ஊகத்துக்கு

கோப்புகளைப் படங்களாகத் திரையில் காட்டிய முதல் வணிகக் கணினிகளில் ஒன்றான ஜெராக்ஸ் ஸ்டார் 1981இல் வெளிவந்தது. அதில் இப்போதைய பொருளில் இழுத்து விடுதல் இல்லை. விசைப்பலகையிலேயே ‘மூவ்’, ‘காப்பி’ என்று இரண்டு தனி விசைகள் இருந்தன. பயனர் முதலில் ஆவணத்தைத் தேர்ந்தெடுப்பார். பிறகு அந்த இரண்டில் ஒன்றை அழுத்துவார். கடைசியாகச் சேரவேண்டிய இடத்தைச் சுட்டுவார். நகலா இடமாற்றமா என்ற ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை. என்ன செய்யவேண்டும் என்பதைப் பயனர் ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் இந்தப் படிகளைக் குறைத்தது. ஒற்றைப் பொத்தான் மவுஸால் படத்தைப் பிடித்து இழுத்து விட்டாலே போதும். ஆனால் சொல் குறைந்தபோது பொருள் மயங்கியது. அதைத் தீர்க்க மெக்கின்டாஷ் ஒரு விதியை வைத்துக்கொண்டது: ஒரே வட்டுக்குள் இழுத்தால் இடமாற்றம், வேறு வட்டுக்கு இழுத்தால் நகல். அன்றைய மெக்கின்டாஷில் 400 கிலோபைட் ஃபிளாப்பிதான் சேமிப்பிடம். ஒரு ஃபிளாப்பியிலிருந்து இன்னொன்றுக்கு இழுப்பவர் பெரும்பாலும் வேறொருவருக்குக் கொடுக்கவோ பாதுகாப்புக்காகவோ படி எடுப்பவர் என்பதால், அந்த ஊகம் பலமுறை சரியாகவே இருந்தது. இன்றுவரை விண்டோஸும் மெக்கும் கடைப்பிடிப்பது இதே விதியைத்தான்.

இந்த விதிக்குப் பயனரின் நோக்கம் மட்டுமல்லாமல் வட்டின் அமைப்பும் காரணம். ஒரே வட்டுக்குள் கோப்பை இடம்மாற்றும்போது அதன் உள்ளடக்கம் ஒரு பைட்கூட நகர்வதில்லை. கோப்பின் பெயர் எந்தக் கோப்புறைப் பட்டியலில் இருக்கிறது என்பது மட்டுமே மாறுகிறது. எம்.எஸ்.டாஸில் பெயர்மாற்றத்துக்கு இருந்த உள்அழைப்பே ஒரே டிரைவுக்குள் கோப்பைக் கோப்புறைவிட்டுக் கோப்புறை மாற்றவும் பயன்பட்டது. அதனால் பெரிய கோப்பும் நொடிக்குள் இடம்மாறிவிடும். வேறு டிரைவுக்கு இடம்மாற்றுவதோ இரண்டு வேலைகள் சேர்ந்தது: முழுவதையும் அங்கே எழுதவேண்டும், பிறகு இங்கே அழிக்கவேண்டும். எழுதும்போது ஏதேனும் தவறினால் அழிப்பது ஆபத்தாகிவிடும். வேறு டிரைவுக்கு இழுத்தால் அழிக்காமல் நகலோடு நின்றுகொள்வது பாதுகாப்பான முடிவு.

ஃபைல் மேனேஜரில் விசைகள்

ஊகம் எவ்வளவு நல்லதானாலும் சில நேரம் தவறும். ஒரே வட்டுக்குள் ஒரு கடிதத்தின் படியை வைத்துக்கொண்டு இன்னொரு படியைத் திருத்த விரும்புபவருக்கு நகல் வேண்டும். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதால் பழைய கோப்புகளை ஃபிளாப்பிக்கு அனுப்புபவருக்கு இடமாற்றம் வேண்டும். இந்த இரண்டு தேவைகளையும் நிறைவேற்ற இழுக்கும் கையோடு மற்றொரு கையும் சேர்ந்தது.

1990இல் விண்டோஸ் 3.0 கொண்டுவந்த ஃபைல் மேனேஜர், 1992இல் விண்டோஸ் 3.1இல் திருத்தமான வடிவம் பெற்றது. அந்த நிரலின் விண்டோஸ் என்.டி. வழிவந்த மூலநிரலை மைக்ரோசாஃப்ட் 2018இல் பொதுவில் வெளியிட்டதால், விசைகளை அது எப்படிப் படித்தது என்பதை இன்று நேரடியாகவே பார்க்கலாம். இழுக்கும்போது நிரல் முதலில் கண்ட்ரோல் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறது. ஆம் என்றால் நகல். இல்லையென்றால் ஆல்ட் அல்லது ஷிஃப்ட் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறது. ஆம் என்றால் இடமாற்றம். இரண்டும் இல்லாதபோதுதான் டிரைவை ஒப்பிட்டு முடிவெடுக்கிறது.

இங்கே ஆல்ட் இடமாற்றத்துக்கான விசையாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. குறுக்குவழி என்ற பொருளே ஃபைல் மேனேஜரில் இல்லாததால் இரண்டு செயல்களுக்கு மூன்று விசைகள் தாராளமாகவே இருந்தன. பின்னாளில் அதே ஆல்ட் வேறு வேலையை ஏற்றபோது, பழைய பழக்கத்தில் ஆல்ட்டை அழுத்தி இழுத்தவர்களுக்குக் கோப்பு நகராமல் குறுக்குவழி மட்டும் கிடைத்தது.

மூன்றாவது செயலின் வருகை

மூலக்கோப்பைச் சுட்டும் சிறிய பதிலி என்ற கருத்து 1990களின் தொடக்கத்தில் பல அமைப்புகளில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் தலைகாட்டியது. மெக்கின்டாஷின் சிஸ்டம் 7 (1991) அதை ‘ஏலியஸ்’ என்றது. ஐ.பி.எம். 1992இல் வெளியிட்ட ஓ.எஸ்./2 2.0இன் வொர்க்பிளேஸ் ஷெல் அதை ‘ஷேடோ’ என்றது. அந்த ஷெல்லில் கண்ட்ரோலுடன் இழுத்தால் நகல், ஷிஃப்டுடன் இழுத்தால் இடமாற்றம், இரண்டும் சேர்ந்தால் ஷேடோ. இன்றைய விண்டோஸின் மூன்று சேர்க்கைகளும் அப்படியே அங்கே இருந்தன.

மைக்ரோசாஃப்ட் தரப்பில் இந்த மூன்று செயல்களுக்கும் பொதுவான இலக்கணம் 1993இல் வந்த ஓ.எல்.ஈ. 2 வழியாகக் கிடைத்தது. இழுக்கும் நிரலும் ஏற்கும் நிரலும் வெவ்வேறாக இருந்தாலும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள, விளைவுகளுக்கு எண்கள் தரப்பட்டன.

```
DROPEFFECT_COPY = 1
DROPEFFECT_MOVE = 2
DROPEFFECT_LINK = 4
```

இழுக்கும் நிரல் தான் அனுமதிக்கும் விளைவுகளை இந்த எண்களைச் சேர்த்துச் சொல்கிறது. நகலையும் இணைப்பையும் மட்டும் அனுமதித்தால் 1ம் 4ம் சேர்ந்து 5. மவுஸ் ஏற்கும் நிரலின் மேல் நகரும்போதெல்லாம் எந்த விசைகள் அழுத்தப்பட்டுள்ளன என்ற செய்தி அந்த நிரலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அனுமதிக்கப்பட்டவற்றில் ஒன்றை அது தேர்ந்து திருப்பிச் சொல்ல, மவுஸ் குறியின் வடிவம் அதற்கேற்ப மாறுகிறது. ஆகவே விசைகள் தருவது கட்டளையல்ல, கோரிக்கைதான். ஷிஃப்டை அழுத்தி இழுத்தாலும், அனுப்பும் நிரல் இடமாற்றத்தை அனுமதிக்காவிட்டால் அது நடக்காது. வேறு நிரல்களின் சாளரத்திலிருந்து இழுக்கும்போது விசை வேலை செய்யவில்லையே என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணம்.

1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 குறுக்குவழிகளைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. கண்ட்ரோல்-ஷிஃப்ட் அதற்கான சேர்க்கையானது. இன்றைய விண்டோஸில் ஆல்ட் தனித்தும் அதே பணியைச் செய்கிறது. பயன்பாட்டு நிரல் ஒன்றை இழுத்தால் இடம்மாற்றாமல் குறுக்குவழி உருவாக்கும் தனி விதியும் விண்டோஸ் 95இல் இருந்தது. நிரலைக் கோப்புறையிலிருந்து வெளியே நகர்த்தினால் அது தன் துணைக்கோப்புகளை இழந்து இயங்காமல் போகலாம் என்பதால், அந்த விதி நல்ல நோக்கமுடையதே. ஆனால் கோப்பின் வகையைப் பொறுத்தும் ஊகம் மாறியதால், நடக்கப்போவதை முன்கூட்டி அறிவது பயனருக்கு இன்னும் கடினமானது. அதற்கு மாற்றாக வலப்பொத்தானால் இழுக்கும் வழி வைக்கப்பட்டது. விட்டவுடன் `Move Here`, `Copy Here`, `Create Shortcut(s) Here` என்ற பட்டியல் விரியும். பயனர் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். விசைகளை நினைவில் வைக்க முடியாதவர்களுக்கு இதைவிட நேர்மையான வழி இன்றும் இல்லை.

எப்போது அழுத்துவது

விசை எப்போது கணக்கில் கொள்ளப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. முடிவைத் தீர்மானிப்பது இழுக்கத் தொடங்கும் நேரமல்ல, மவுஸ் பொத்தானை விடும் நேரம். தொடங்கும் நேரத்தில் இதே விசைகளுக்கு வேறு பொருள் உண்டு: கண்ட்ரோலோடு சொடுக்கினால் கோப்புகள் ஒவ்வொன்றாகத் தேர்வில் சேரும் அல்லது நீங்கும், ஷிஃப்டோடு சொடுக்கினால் இடையிலுள்ள வரிசை முழுவதும் தேர்வாகும்.

சி டிரைவில் `Documents` கோப்புறையிலுள்ள ஓர் அறிக்கையை அதே டிரைவின் `Backup` கோப்புறைக்கு நகலெடுப்பதாகக் கொள்வோம். கோப்பை முதலில் எந்த விசையும் இல்லாமல் பிடித்து இழுக்கவேண்டும். `Backup` மேல் வந்ததும், விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிந்தைய பதிப்புகளில், மவுஸ் குறியருகே `Move to Backup` என்று தெரியும். இப்போது கண்ட்ரோலை அழுத்தினால் கூட்டல் குறியோடு `Copy to Backup` என்று மாறும். இந்த நிலையில் மவுஸ் பொத்தானை முதலில் விடவேண்டும். கண்ட்ரோலிலிருந்து கையை அதற்குப் பிறகே எடுக்கவேண்டும். கை முந்திக்கொண்டு கண்ட்ரோலை விட்டுவிட்டால் நகலுக்குப் பதிலாக இடமாற்றம் நடந்துவிடும். பாதியில் ஐயம் வந்தால் பொத்தானை விடுமுன் எஸ்கேப் விசையை அழுத்தலாம். விட்ட பிறகு தவறு தெரிந்தால் `Ctrl+Z` அதைத் திருப்பும்.

நடந்ததைக் கண்டறிதல்

நாட்கள் கடந்தபின், ஒரு கோப்பு நகலாக வந்ததா, இடம்மாறி வந்ததா என்பதை அதன் பண்புகள் சாளரமே பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். நகலெடுக்கும்போது கடைசியாகத் திருத்திய நேரம் மாறுவதில்லை. உருவான நேரம் மட்டும் நகலெடுத்த நேரமாக எழுதப்படும். ஆகவே திருத்திய தேதி உருவான தேதிக்கு முந்தியதாக இருந்தால் அது பெரும்பாலும் நகல்தான்.

அலுவலகக் கணினிகளில் இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. என்.டி.எஃப்.எஸ். வட்டில் நகலெடுத்த கோப்பு, சேர்ந்த கோப்புறையின் அனுமதிகளை ஏற்கிறது. ஒரே வட்டுக்குள் இடம்மாறிய கோப்போ அதற்கெனத் தனியே தரப்பட்ட பழைய அனுமதிகளைத் தன்னோடு கொண்டுவருகிறது. பொதுக் கோப்புறைக்கு இழுத்து விட்ட ஆவணத்தை மற்றவர்களால் திறக்க முடியாமல் போவது பலமுறை இதனால்தான். அதையே கண்ட்ரோலுடன் இழுத்திருந்தால் சிக்கல் எழுந்திருக்காது.

குறுக்குவழியில் நேரும் தவறு எளிதில் தெரியாது. பென் டிரைவில் ஆவணத்தின் படம் தெரியும், பெயரும் தெரியும். வேறு கணினியில் திறக்கும்போதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று புலப்படும். படத்தின் இடது கீழ் மூலையிலுள்ள சிறிய அம்புக்குறியும், ஒருசில கிலோபைட்டைத் தாண்டாத அளவும் அதன் அடையாளங்கள்.

இயங்குதளங்களுக்கிடையே விசைகள் இன்றும் முழுமையாக ஒன்றுபடவில்லை. மெக்கில் ஆப்ஷன் நகலுக்கும், கமாண்ட் இடமாற்றத்துக்கும், இரண்டும் சேர்ந்து ஏலியஸுக்கும் உரியவை. லினக்ஸில் ஜி.டி.கே. நூலகத்தைப் பயன்படுத்தும் நிரல்கள் பல, ஆல்ட்டை ‘என்ன செய்யவேண்டும் என்று கேள்’ என்ற பொருளில் எடுத்துக்கொள்கின்றன. ஃபைல் மேனேஜரில் இடமாற்றம், இன்றைய விண்டோஸில் குறுக்குவழி, லினக்ஸில் கேள்வி என ஆல்ட் மூன்று பொருள் தாங்கி நிற்க, கண்ட்ரோல்-ஷிஃப்ட் சேர்க்கை ஓ.எஸ்./2 காலத்திலிருந்து விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே பொருளைத் தருகிறது. கணினிப் பாடநூல்கள் குறுக்குவழிக்கு ஆல்ட்டைவிட இந்தச் சேர்க்கையையே கற்பிப்பது நல்லது.