ஒரு கவுனின் நீளம்

அந்தப் பெண்ணிடம் பெரும்பாலும் ஒரே ஒரு கவுன்தான் இருந்தது. கறுப்பு கவுன். கை கிடையாது. தோளில் பட்டி கிடையாது. மேலே மார்போடு நின்றுவிடும், கீழே தொடையோடு முடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் கார்ட்டர் என்று ஒரு பட்டை. நாலு வருஷம் அமெரிக்கா முழுக்க அதே கோலத்தில் ஆடினாள், பாடினாள், கண்ணடித்தாள். யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

1934-ல் சொன்னார்கள். "கவுனை இறக்கு."

பெண்ணின் பெயர் பெட்டி பூப். டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. அவள் ஒரு கார்ட்டூன். பேனாவும் மையும் செல்லுலாய்ட் தாளும் சேர்ந்து பெற்ற பெண்.

அதனால் என்ன, கவுனைக் கொஞ்சம் நீட்டி வரைந்தால் போச்சு என்று தோன்றுகிறது அல்லவா? நிஜ நடிகை என்றால் ஒரு தையல்காரர் போதும். கார்ட்டூன் நடிகைக்கு உடை மாற்றுவது வேறு சமாச்சாரம். அவளுக்கு உடம்பும் உடையும் தனித்தனி இல்லை. இரண்டும் ஒரே கோடு. உடையைத் தொட்டால் ஆளையே தொட்ட மாதிரி.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

நியூயார்க்கில் மாக்ஸ் ஃப்ளெய்ஷர் என்பவர் ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோ நடத்தி வந்தார். அங்கே வேலை பார்த்த கிரிம் நாட்விக் என்ற அனிமேட்டர் 1930-ல் பெட்டியை வரைந்தார். அப்போது அவள் பாதி பெண், பாதி நாய். பிம்போ என்ற நாய்க்கு ஜோடியாக வந்தவள். முகத்தின் இரண்டு பக்கமும் நாய்க்காது தொங்கும். 1932-ல் அவளை முழு மனுஷியாக்க முடிவெடுத்தார்கள். காதுகளை என்ன செய்தார்கள் தெரியுமா? அதே இடத்தில் இரண்டு பெரிய வளையம். தோடு! காது தொங்கிய இடத்தில் தோடு தொங்கியது. முகத்தின் மொத்த வடிவம் கலையவில்லை. நாய் போய்விட்டது, பெட்டி அப்படியே இருந்தாள்.

இந்தத் தோடு தந்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்டூனுக்கு உடை மாற்றுகிறவர்களின் முதல் பாடம் அதுதான். ஒரு வடிவத்தை எடுத்தால், அந்த இடத்தில் அதே எடையுள்ள இன்னொரு வடிவத்தை வைக்க வேண்டும்.

ஆனால் 1934-ல் வந்த உத்தரவு அத்தனை சௌகரியமாக இல்லை.

ஹாலிவுட் தனக்குத் தானே ஒரு நன்னடத்தை விதிப் புத்தகத்தை 1930-லேயே எழுதி வைத்திருந்தது. எழுதியதோடு சரி, ஒருத்தரும் மதிக்கவில்லை. கத்தோலிக்க அமைப்புகள் பொங்கி எழுந்து, இனி சினிமாவையே புறக்கணிப்போம் என்று கிளம்பியதும் கம்பெனி முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. ஜோசப் ப்ரீன் என்ற கண்டிப்பான ஆசாமியை உட்கார வைத்தார்கள். 1934 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு வருகிற படங்களுக்கு அவர் ஆபீஸின் முத்திரை வேண்டும். இல்லாமல் வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். கார்ட்டூனுக்கும் விலக்கு கிடையாது.

பெட்டி படங்களின் ஆரம்பத்தில் அவள் இடுப்பை ஆட்டிக் கண்ணடிக்கும் ஒரு காட்சி வரும். ஒழுக்கக்கேட்டைத் தூண்டுகிறது என்று அதைத் தூக்கச் சொன்னார் ப்ரீன். கார்ட்டர் போனது. கழுத்து ஏறியது, கை முளைத்தது, கவுன் கீழே இறங்கியது.

இப்போது ஸ்டூடியோவுக்குள் வாருங்கள்.

அந்தக் காலத்து கார்ட்டூனில், அனிமேட்டர் பென்சிலில் முக்கியமான நிலைகளைப் போடுவார். நடுவில் வருகிற நிலைகளை உதவியாளர்கள் நிரப்புவார்கள். அப்புறம் இங்க்கிங் பிரிவு. பென்சில் படத்தின் மேல் செல்லுலாய்ட் தாளை வைத்து, பேனாவால் கோட்டை அப்படியே எடுப்பார்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் வண்ணம் அடிப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் வண்ணம் என்றால் கறுப்பு, வெள்ளை, நடுவே சில சாம்பல்கள். ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தால்கூட விநாடிக்கு 12 படம் வேண்டும். ஏழு நிமிஷக் கார்ட்டூனுக்குக் கணக்குப் போட்டால் 5,040.

இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் பழைய கவுனைப் பாருங்கள். அதை வரைய எத்தனை கோடு? மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. நாலே நாலு. உள்ளே முழுக்கக் கறுப்பு. மடிப்பு, தையல், பட்டன் எதுவும் கிடையாது. அவள் திரும்பினாலும் குனிந்தாலும் அந்தக் கறுப்புத் திட்டு நெளியும், அவ்வளவுதான்.

புதுக் கவுன்? காலருக்கு இரண்டு முனை. இரண்டு கை, இரண்டு மணிக்கட்டு விளிம்பு. இடுப்பில் ஒரு கோடு. பாவாடையில் இரண்டு மடிப்பு. குறைத்து வைத்தாலும் எட்டு, ஒன்பது கோடு கூடுதல். எட்டு என்றே வைத்துக்கொள்வோம். 5,040 படம், படத்துக்கு எட்டு. மொத்தம் 40,320 கோடு. பெட்டி எல்லாப் படத்திலும் இருக்க மாட்டாள், சரி. பாதியில் இருந்தாலே 20,000 சொச்சம். ஒரு தார்மீக உத்தரவின் கூலி!

கூலியை விடுங்கள். பெரிய தலைவலி கோட்டின் தடிமன்.

கார்ட்டூன் உருவத்தில் வெளிக்கோடு தடிமனாக இருக்கும். மூக்கு, உதடு, துணி மடிப்பு மாதிரி உள்ளே வருவதெல்லாம் மெலிசு. இந்த விகிதம்தான் ஒரு ஓவியரின் கையெழுத்து. புது உடையின் காலரையும் மடிப்பையும் வெளிக்கோட்டின் தடிமனிலேயே போட்டால் என்ன ஆகும்? கண்ணுக்கு எது உடம்பு, எது துணி என்று புரியாது. உருவம் தூரத்தில் போகும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அழுக்கு மாதிரி தெரியும். சரி என்று ரொம்ப மெலிசாகப் போட்டால், வேறொரு பத்திரிகையிலிருந்து சட்டையை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும்.

கண்டுபிடிக்க எளிமையான வழி இருக்கிறது. படத்தில் முகத்தைக் கட்டைவிரலால் மறையுங்கள். மிச்சமுள்ள உடையைப் பாருங்கள். முகத்தை வரைந்த அதே கைதான் இதையும் வரைந்தது என்று தோன்றினால் பாஸ். பெட்டியின் முகம் ஐந்தாறு வளைவுகளில் முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட முகத்துக்குக் கீழே, நிஜத் துணி போல இருபது சுருக்கம் போட்ட பாவாடை இருந்தால் ஃபெயில். துணி நன்றாக இருக்கலாம். அது பெட்டியின் துணி இல்லை.

அதனால் வேலை தெரிந்தவர்கள் ஒரு வரிசைப்படி போவார்கள். முதலில் உடையே இல்லாமல் உடம்பைப் போடுவது. தலை உருண்டை, மார்புக்கூடு, இடுப்பு, கால். அதன் மேல் உடையைச் சுற்றுவது. அப்போதுதான் காலர் கழுத்தைச் சுற்றிப் போகும். நேரடியாக உடையை வரைந்தால் தலை ஒரு பக்கம் திரும்ப, காலர் இன்னொரு பக்கம் மிதக்கும். அடுத்து, மடிப்புகளைக் குறைப்பது. துணி எங்கே இழுபடுகிறதோ, அதாவது முழங்கை, இடுப்பு, அங்கே மட்டும் ஒன்றிரண்டு. கடைசியில் தாள்களை அடுக்கிக் கட்டைவிரலால் விசிறிப் பார்ப்பது. ஒரு படத்தில் இருக்கிற மடிப்பு அடுத்ததில் காணாமல் போய், மூன்றாவதில் திரும்ப வந்தால் உடை கொதிப்பது மாதிரி துடிக்கும். தனிப்படத்தில் இந்தக் குற்றம் தெரியவே தெரியாது. ஓடும்போதுதான் பல்லை இளிக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒன்று மட்டும் தப்பவில்லை. பெட்டியின் கால்.

பழைய பெட்டியின் நடிப்பு முழுக்க இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஓடும் ஒரே வளைவில் இருந்தது. அவள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அந்தக் கோடு சாயும். பயந்தால் முழங்கால் இரண்டும் ஒட்டும். குட்டைக் கவுன் அதை மறைக்கவில்லை. பாவாடை முழங்காலைத் தாண்டி இறங்கியதும் அந்த வளைவு பாதியில் அறுந்தது. ப்ரீன் ஆபீஸ் கேட்டது நாலு விரல் துணி. எடுத்துக்கொண்டு போனது அவள் பேசிய பாஷையை.

ஸ்டூடியோ என்ன செய்யும்? கதையை மாற்றியது. பெட்டி வேலைக்குப் போகிற பெண்ணாக, வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்ணாக ஆனாள். 1934-ல் பட்ஜி என்ற நாய்க்குட்டி வந்தது. 1935-ல் விசித்திர இயந்திரங்கள் செய்கிற கிராம்பி தாத்தா வந்தார். கலாட்டா பண்ணும் வேலை அவர்களுக்குப் போனது. பெட்டி பக்கத்தில் நின்று சிரித்தாள்.

உடை மாறியதால்தான் இந்தக் கதி என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் ஒரு சுவாரசியம். அதே 1934 ஆகஸ்டில் 'புவர் சிண்ட்ரெல்லா' வெளியானது. அந்தக் காலத்தில் பெட்டி வண்ணத்தில் நடித்த ஒரே படம். சிண்ட்ரெல்லா என்பதால் வேஷமும் வேறு. கறுப்புக் கூந்தல்கூட அதில் சிவப்பு. ஆனாலும் பார்த்த நிமிஷத்தில் பெட்டிதான் என்று குழந்தை சொல்லும். ஏன்? தலை அதே பெரிய உருண்டை. கண் அதே. கோடு அதே. உடையும் நிறமும் மாறுவதை ஒரு கார்ட்டூன் தாங்கும். விகிதமும் கோடும் மாறினால் தாங்காது.

அதுவும் நடந்தது. போகப் போகத் தோடும் வளையலும் கழன்றன, சுருள் முடி குறைந்தது. கடைசி வருஷங்களில் தலையும் சிறுத்து, உடம்பு நிஜப் பெண்ணின் அளவை நோக்கிப் போனது. நாகரிகமான ஒரு பெண் திரையில் இருந்தாள். பெயர் மட்டும் பெட்டி. 1939-ல் படங்கள் நின்றுபோயின.

கதை அங்கே முடியவில்லை. 1988-ல் 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' என்ற படம் வந்தது. நிஜ மனிதர்களும் கார்ட்டூன்களும் சேர்ந்து நடித்த படம். எல்லாக் கார்ட்டூனும் வண்ணத்தில் மின்னும் ஒரு கிளப்பில், சிகரெட் விற்கும் பெண்ணாகப் பெட்டி வருகிறாள். அவள் மட்டும் கறுப்பு வெள்ளை. முப்பதுகளில் அவளுக்குக் குரல் கொடுத்த மே குவெஸ்டலே அதிலும் பேசினார். நாட்விக் வரைந்த கோட்டை, அரை நூற்றாண்டு கழித்து வேறு கைகள் அப்படியே எடுத்திருந்தன.

அவர்கள் எந்த உடையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? காலரும் கையும் வைத்த கண்ணியமான உடையை யாரும் தேடிப் போகவில்லை.

அதே குட்டைக் கறுப்பு கவுன். நாலு கோடு.